தட்டணு பதினாறு லட்சம்: உறைவதும் ஒழுகுவதும் ஒரே நோயில்

மழைக்காலத்தில் டெங்கு பரவினால், கோபியிலும் பொள்ளாச்சியிலும் தட்டணு எண்ணிக்கை வீட்டுப் பேச்சாகிவிடும். யாருக்கு முப்பதாயிரத்துக்கு இறங்கியது, யாருக்கு எழுபதாயிரத்துக்கு ஏறியது என்று விசாரிப்பார்கள். பப்பாளி இலைச் சாறு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். இறங்கினால் ஆபத்து, ஏறினால் நிம்மதி என்பது மனதில் பதிந்துவிட்டது. அதனால் ரிப்போர்ட்டில் தட்டணு ஒன்பது லட்சம், பத்து லட்சம் என்று வந்தால் பலர் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. "தட்டணு நல்லா இருக்குதுங்க" என்று காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

இயல்பான அளவு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை. அதற்கு மேல் தொடர்ந்து நின்றால் காரணம் தேட வேண்டும். எசென்ஷியல் திராம்போசைத்தீமியா அந்தக் காரணங்களில் ஒன்று, சுருக்கமாக ஈ.டி. என்பார்கள். எலும்பு மஜ்ஜை உடலின் தேவையைக் கேட்காமல் தட்டணுவை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும் நோய் இது. மெதுவாகத்தான் நகரும். முறையாகப் பார்த்துக்கொள்பவர்கள் பல்லாண்டுகள் நன்றாக வாழ்கிறார்கள். இதில் குழப்புவது ஒன்றுதான்: ஒரே நோயாளிக்கு ரத்தம் உறைந்தும் தொல்லை தரும், நிற்காமல் ஒழுகியும் தொல்லை தரும். இரண்டுக்குமான காரணம் தெரியாமல் ஆஸ்பிரின் கொடுத்தால், ஒன்றைத் தடுக்கப் போய் இன்னொன்றைத் தூண்டிவிடுவோம்.

இந்த நோயில் வழக்கமாகக் காணும் கூறுகளைச் சேர்த்து ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஊத்துக்குளிப் பக்கத்துப் பெண், வயது 46, எடை 58 கிலோ, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. சில மாதங்களாகக் கால்விரல் நுனிகள் சிவந்து எரிகின்றன. வெயிலில் நடந்தால் எரிச்சல் கூடும், குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்தால் தணியும். சி.பி.சி.யில் ஹீமோகுளோபின் 10.2, வெள்ளணு 9,800, தட்டணு 9.2 லட்சம். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8 மட்டுமே. மூன்று மாதத்துக்கு இரும்புச் சத்து மாத்திரை எழுதப்பட்டது.

இது தவறான முடிவல்ல. தட்டணு கூடுவதற்கு மிகப் பரவலான காரணங்களில் இரும்புக் குறைபாடும் ஒன்று. மாதவிலக்கில் அதிகம் ரத்தம் போகிற பெண்களிடம் அடிக்கடி காண்பது. காசநோய், நாள்பட்ட மூட்டழற்சி, அறுவைக்குப் பிந்தைய நிலை, மண்ணீரல் எடுத்திருப்பது ஆகியவையும் தட்டணுவை ஏற்றும். இவற்றை எதிர்வினை உயர்வு என்பார்கள். காரணம் தீர்ந்தால் எண்ணிக்கை தானாக இறங்கும். கடுமையான இரும்புக் குறைபாட்டில் சிவப்பணுக்கள் மிகச் சிறுத்துப்போவதால், எண்ணும் இயந்திரம் சிலவற்றைத் தட்டணு என்று கணக்கில் சேர்ப்பதும் உண்டு. ஆகவே கண்ணாடித் தகட்டில் ரத்தப் பூச்சு போட்டு ஒருவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் ஃபெரிட்டின் குறைவு என்பதாலேயே ஈ.டி. இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். இரும்பு நிரம்பிய பிறகு தட்டணுவை மறுபடி எண்ணிப் பார்ப்பதில்தான் விடை இருக்கிறது, பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான். இந்தப் பெண்ணுக்கு மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 12.4 ஆனது, ஃபெரிட்டின் 48 ஆனது, தட்டணுவோ 14 லட்சத்துக்கு ஏறியது. கால் எரிச்சலுக்காக 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் தொடங்கினார்கள்; இரண்டே நாளில் எரிச்சல் நின்றது. அவருக்கு மகிழ்ச்சி. ஆறு வாரம் கழித்துத் தொடையில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள் வந்தன. மூக்கில் ரத்தம் வந்தது. கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிய இடம் இரண்டு நாள் கசிந்துகொண்டே இருந்தது. அப்போது தட்டணு 16.4 லட்சம்.

"ஏனுங்க டாக்டர், தட்டணு இத்தனை இருந்தா ரத்தம் சட்டுனு உறையோணுமல்லங்க? எனக்கு எப்பிடிங்க ஒழுகுது?" என்று அவர் கேட்டால், அது மிகச் சரியான கேள்வி.

முதலில் உறைவதைப் பார்ப்போம். மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்னும் பெரிய செல்களிலிருந்து தட்டணுக்கள் பிரிந்து வருகின்றன. திராம்போபாயெட்டின் என்ற ஹார்மோன் அந்தச் செல்லின் மேற்பரப்பில் உள்ள எம்.பி.எல். என்ற ஏற்பியில் ஒட்டும்போது, உள்ளே ஜாக்-2 என்ற நொதி அந்தச் சைகையை எடுத்துச் செல்லும். ஈ.டி. நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஜாக்-2 மரபணுவில் வி617எஃப் என்ற ஒற்றை மாற்றம் இருக்கிறது. இது 2005இல் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் கால்பங்குப் பேருக்கு கால்ரெட்டிகுலின் மரபணுவில் மாற்றம். இது 2013இல்தான் தெரிந்தது. மிகச் சிலருக்கு எம்.பி.எல். மரபணுவிலேயே மாற்றம். எதுவானாலும் விளைவு ஒன்றே: ஹார்மோன் வராமலே சைகை போய்க்கொண்டிருக்கும். இவை பிறப்பிலேயே பெற்றோரிடமிருந்து வருபவை அல்ல, வாழ்நாளில் மஜ்ஜையின் ஒரு தாய்ச்செல்லில் நேர்பவை.

இந்த இரண்டு வகை நோயாளிகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை தெரியும். கால்ரெட்டிகுலின் மாற்றம் உள்ளவர்களுக்குப் பொதுவாகத் தட்டணு எண்ணிக்கை அதிகம், ஆனால் ரத்த உறைவு குறைவு. ஜாக்-2 மாற்றம் உள்ளவர்களுக்குத் தட்டணு அவ்வளவு ஏறுவதில்லை, உறைவு மட்டும் கூடுதல். எண்ணிக்கைதான் உறைவுக்குக் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? உறைவைத் தீர்மானிப்பது தட்டணுவின் எண்ணிக்கையைவிட அதன் நடத்தை என்பதே என் புரிதல். இந்நோயில் தட்டணுக்கள் தூண்டப்பட்ட நிலையிலேயே சுற்றுகின்றன. ஜாக்-2 மாற்றம் வெள்ளணுக்களிலும் இருப்பதால் அவையும் தூண்டப்பட்டு, தட்டணுவோடு ஒட்டிக்கொண்டு, ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கின்றன. ரத்தம் கடைசியாகச் சென்று முடியும் நுண் தமனிகளில் சிறு கட்டிகள் அடைக்கும்போது விரல் நுனி எரிகிறது, தலை வலிக்கிறது, கண்ணில் மின்னல் வெட்டுகிறது. பெரிய குழாயில் அடைத்தால் பக்கவாதம், மாரடைப்பு. கல்லீரல், குடல் சார்ந்த சிரைகளிலும் அடைக்கலாம். இளவயதில் ஒருவருக்கு அங்கே அடைப்பு வந்தால், தட்டணு இயல்பாக இருந்தாலும் ஜாக்-2 பரிசோதனை செய்வது அதனால்தான்.

ஆகவே உறைவு அபாயத்தை மதிப்பிடும்போது மருத்துவர் தட்டணு எண்ணைப் பார்ப்பதில்லை. இதுவரை உறைவு வந்திருக்கிறதா, வயது அறுபதைத் தாண்டிவிட்டதா, ஜாக்-2 மாற்றம் உண்டா என்ற மூன்றையும் பார்க்கிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடுகிறார். முன்பே உறைவு வந்தவரும், அறுபது தாண்டி ஜாக்-2 உள்ளவரும் உயர் அபாயப் பிரிவு. அறுபதுக்கு உட்பட்டு, உறைவு வராமல், ஜாக்-2 இல்லாதவர் மிகக் குறைந்த அபாயம். வயது 46, ஜாக்-2 மாற்றமும் பரிசோதனையில் இல்லை என்பதால் நம் உதாரணப் பெண் உறைவுக் கணக்கில் இந்தக் கடைசிப் பிரிவில் வருகிறார், தட்டணு பதினாறு லட்சமாக இருந்தும்.

ரத்தப்போக்கின் கணக்கு வேறு. அங்கே எண்ணிக்கைதான் முக்கியம். குழாயின் சுவர் கிழிந்தவுடன் முதலில் நடக்க வேண்டியது, தட்டணு அந்த இடத்தில் பிடித்து நிற்பது. வேகமாக ஓடும் ரத்தத்தில் தட்டணு தானாக ஒட்டாது. வான் வில்லிபிராண்டு காரணி என்ற புரதம் கிழிந்த இடத்தில் ஒட்டி, ஓட்டத்தின் இழுவிசையில் நீளமாக விரிந்து, தட்டணுக்களைப் பிடித்து நிறுத்தும். இந்தப் புரதம் சங்கிலிச் சங்கிலியாக இணைந்து பல நீளங்களில் இருக்கிறது. மிக நீண்ட சங்கிலிகளுக்குத்தான் பிடிக்கும் சக்தி அதிகம்.

தட்டணு பத்து லட்சத்தைத் தாண்டும்போது இந்த நீண்ட சங்கிலிகளுக்குக் கேடு வருகிறது. கணக்கற்ற தட்டணுக்கள் அவற்றில் ஒட்டுகின்றன. அவ்வாறு ஒட்டி விரிந்த சங்கிலியை, ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் ஆடம்ட்ஸ்-13 என்ற நொதி எளிதாக வெட்டிவிடுகிறது. நீண்டவை ஒட்டியும் வெட்டுப்பட்டும் தீர்ந்துபோக, குட்டைத் துண்டுகள் மட்டுமே மிஞ்சுகின்றன. கிணற்றுக் கயிற்றை முழம் முழமாக நறுக்கி வைத்தால் எடை குறையாது, ஆனால் தண்ணீர் இறைக்க முடியாது. அது போலத்தான் இதுவும். புரதத்தின் மொத்த அளவு இயல்பாக இருக்கும், வேலை நடக்காது. இதற்குப் பெயர் பின்னாளில் வந்த வான் வில்லிபிராண்டு குறைபாடு. பிறவியில் வரும் குறைபாட்டிலிருந்து பிரித்துக் காட்டவே இந்தப் பெயர்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை இதுதான். ஒன்பது லட்சத்தில் நீண்ட சங்கிலிகள் பெரும்பாலும் இருந்தன, தூண்டப்பட்ட தட்டணுக்கள் அவற்றைப் பிடித்து விரல் நுனியில் அடைத்தன, எரிந்தது. பதினாறு லட்சத்தில் சங்கிலிகள் தீர்ந்துபோயின, பல் பிடுங்கிய இடத்தில் தட்டணு நிற்கவில்லை, ஒழுகியது. தட்டணுவின் ஒட்டுதலை ஆஸ்பிரின் மேலும் குறைத்தது. அதற்காக இந்த நிலையில் பெரிய குழாயில் உறைவே வராது என்று எண்ணிவிடக் கூடாது. இடைப்பட்ட எண்ணிக்கையில் ஒரே வாரத்தில் இரண்டும் வருவதுண்டு.

இந்த ரத்தப்போக்கு எங்கே வருகிறது என்பதே ஒரு தடயம். மூக்கு, ஈறு, குடல், கருப்பை போன்ற ஈரச் சவ்வு உள்ள இடங்களில் வரும். தோலில் நீலத் திட்டாக வரும். மூட்டுக்குள் ரத்தம் கட்டுவது அரிது. வழக்கமாக எடுக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. என்ற உறைவுப் பரிசோதனைகள் இரண்டும் பெரும்பாலும் இயல்பாகவே வரும், ஏனென்றால் அவை தட்டணு பிடித்து நிற்கும் முதல் கட்டத்தை அளப்பதில்லை. "உறைவுப் பரிசோதனை எல்லாம் நார்மல்" என்ற வரியை நம்பிப் பல் பிடுங்கினால் சிக்கல் வரும்.

தேவைப்படுவது இரண்டு பரிசோதனைகள். ஒன்று வான் வில்லிபிராண்டு ஆன்டிஜென். புரதம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். மற்றொன்று ரிஸ்டோசெட்டின் கோஃபாக்டர்; அது எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும். ரிஸ்டோசெட்டின் ஒரு காலத்தில் ஆன்டிபயாட்டிக்காக இருந்தது. நோயாளிகளின் தட்டணுவை அது ஒட்டவைத்ததால் கைவிடப்பட்டது, அந்தக் குணமே பின்னர் ஆய்வகத்துக்குப் பயன்பட்டது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுக்க வேண்டும். விகிதம் 0.7க்குக் கீழே வந்தால் நீண்ட சங்கிலிகள் குறைந்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். நம் பெண்ணுக்கு ஆன்டிஜென் 96 சதவீதம், செயல்பாடு 22 சதவீதம், விகிதம் 0.23. ஆன்டிஜென்னை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்றே தோன்றியிருக்கும்.

இந்தப் பரிசோதனையில் மாதிரி எடுக்கும் விதம் முடிவையே மாற்றிவிடும். நீல மூடிக் குழாயில், சிட்ரேட் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு வருமாறு, கோடு வரை நிரப்ப வேண்டும். சிறிய ஊர்க் கலெக்‌ஷன் சென்டரில் எடுத்த முழு ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கோவைக்கு அனுப்பினால், குளிரிலேயே இந்தப் புரதம் குறைந்துபோய், நோய் இல்லாதவருக்கும் குறைபாடு இருப்பதுபோலக் காட்டும். அங்கேயே பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைத்து அனுப்ப வேண்டும். அந்த வசதி இல்லையென்றால், ஆய்வகம் உள்ள இடத்துக்கே நேரில் போய்க் கொடுப்பது நல்லது. காய்ச்சல், கர்ப்பம், கடும் மன அழுத்தம் ஆகியவை இந்தப் புரதத்தை ஏற்றிவிடும் என்பதால், அந்த நேரத்து இயல்பான எண்ணையும் ஒருமுறை சந்தேகிக்க வேண்டும்.

இதே ரிப்போர்ட் கட்டில் இன்னொரு பொய் எண்ணும் வரலாம். உறைய விட்ட ரத்தத்தில் தட்டணுக்களிலிருந்து பொட்டாசியம் கசியும். தட்டணு பதினைந்து லட்சம் இருப்பவருக்கு அது 6க்கு மேல் காட்டினால் உடனே சிகிச்சையில் இறங்காமல், ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு, ஹெபரின் குழாயில் மறுபடி பார்க்க வேண்டும்.

நோயை உறுதிசெய்ய, இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசி போட்டு மஜ்ஜைத் துண்டு எடுத்தார்கள். பெருத்து முதிர்ந்த மெகாகேரியோசைட்கள் கூடுதலாக இருந்தன, நார்த்தன்மை இல்லை. பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற மரபணு இணைப்பு இல்லை, அது இருந்தால் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய், வைத்தியமே வேறு. ஜாக்-2 மாற்றம் இல்லை, கால்ரெட்டிகுலின் மாற்றம் இருந்தது. மஜ்ஜைப் பரிசோதனையைத் தவிர்த்துவிடலாமே என்று குடும்பங்கள் கேட்பதுண்டு. தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து. மஜ்ஜை நாராகிப்போகும் மைலோஃபைப்ரோசிஸ் என்ற நோயின் தொடக்க நிலையும் இதே தட்டணு உயர்வோடு வரும், அதன் போக்கு வேறு, மஜ்ஜைத் துண்டில்தான் பிரிந்து தெரியும்.

சிகிச்சையில் முதல் வேலை ஆஸ்பிரினை நிறுத்துவது. ரிஸ்டோசெட்டின் செயல்பாடு 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது அது கூடாது. உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் இரண்டும் தட்டணுவைத் தடுப்பவையே. அவற்றுக்குப் பதில் பாராசிட்டமால் போதும். ஈறுக் கசிவுக்கு டிரானெக்சாமிக் அமிலக் கரைசலால் வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். இங்கே தட்டணு ஏற்றுவது உதவாது. குறைவாக இருப்பது தட்டணு அல்ல. உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு என்றால் வான் வில்லிபிராண்டு காரணி அடங்கிய மருந்தை ஏற்றுவார்கள், இயந்திரத்தின் மூலம் தட்டணுவைப் பிரித்தெடுத்து வேகமாகக் குறைப்பார்கள்.

நிலையான தீர்வு எண்ணிக்கையைக் குறைப்பதுதான். உறைவு அபாயம் குறைவு என்ற கணக்கில் இவருக்கு அந்த மருந்து தேவைப்பட்டிருக்காது. பதினைந்து லட்சத்தைத் தாண்டியதும் ரத்தம் ஒழுகியதும் தேவையாக்கிவிட்டன. ஹைட்ராக்சியூரியா 500 மில்லிகிராம் கேப்சூல், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. எடைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்குக்கு இது நெருங்கி வருகிறது. உயர் அபாய நோயாளிகள் 114 பேரிடம் இத்தாலியில் நடந்து 1995இல் வெளியான ஆய்வில், இந்த மருந்து எடுத்தவர்களில் 3.6 சதவீதத்தினருக்கு உறைவு வந்தது. எடுக்காதவர்களில் 24 சதவீதத்தினருக்கு வந்தது. இன்றும் இது முதல் தேர்வாக நிற்க அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். கருத்தரிக்க வாய்ப்புள்ளவருக்கு இது ஆகாது. கர்ப்பம் வேண்டுபவருக்கு இன்டர்ஃபெரான் தருவார்கள். இந்தப் பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்கவில்லை என்பதால் கருத்தடை பற்றியும் பேசியாக வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ சி.பி.சி. எடுக்க வேண்டும், ஏனென்றால் மருந்து வெள்ளணுவையும் சேர்த்துக் குறைக்கும். இரண்டாம் வாரம் தட்டணு 12.1 லட்சம், நான்காம் வாரம் 8 லட்சம். மூக்கில் ரத்தம் வருவது அதற்குள் நின்றுவிட்டது. எட்டாம் வாரம் 5.2 லட்சம், ரிஸ்டோசெட்டின் செயல்பாடு 71 சதவீதம். தட்டணு குறையக் குறைய ரத்தப்போக்கு நிற்பது கேட்பதற்கு முரணாக இருக்கும், ஆனால் நீண்ட சங்கிலிகள் வெட்டுப்படாமல் மறுபடி சேர்கின்றன என்பதுதான் அங்கே நடப்பது. அந்த எண் கையில் வந்த பிறகே 75 மில்லிகிராம் ஆஸ்பிரினை மறுபடி தொடங்கினார்கள், ஏனென்றால் சங்கிலிகள் திரும்பினால் விரல் எரிச்சலும் திரும்பலாம்.

பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை போதும். நகத்தில் கரும்பட்டை விழுவது இந்த மருந்தால் வருவது, பயப்பட வேண்டியதில்லை. வாய்ப்புண் வந்தால் அளவைச் சரிபார்க்க வேண்டும். கணுக்கால் பக்கம் வலியோடு புண் வந்து ஆறாமல் நின்றால், நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களிடம் அதை நரம்புச் சுருட்டல் என்றோ சர்க்கரைப் புண் என்றோ கருதி மாதக்கணக்கில் கட்டுப் போடுவார்கள். மருந்தை நிறுத்தாமல் அந்தப் புண் ஆறுவது கடினம். ரத்தநோய் மருத்துவரிடம் காட்டி மருந்தை மாற்ற வேண்டும்.

வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, நெஞ்சை அழுத்துவது, மலம் கருப்பாகப் போவது ஆகியவற்றுக்கு அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்கக் கூடாது. இன்னொரு பல்லை எடுக்க வேண்டி வந்தால், பல் மருத்துவரிடம் "தட்டணு ஜாஸ்திங்க" என்று மட்டும் சொன்னால் அவர் கவலையின்றி எடுத்துவிடுவார். நோயின் பெயர், அந்த வாரத்துத் தட்டணு எண்ணிக்கை, கடைசி ரிஸ்டோசெட்டின் செயல்பாடு, ஆஸ்பிரின் எடுப்பது ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். தட்டணு பத்து லட்சத்துக்கு மேல் இருந்தால் தேதியைத் தள்ளிவைத்து, முதலில் அதைக் குறைக்க வேண்டும்.